மூளையில் ஓட்டை: ஸ்கேன் படம் காட்டியதும் காட்டாததும்

கேள்வி: எக்ஸ்டசி மாத்திரை சாப்பிட்டால் மூளையில் ஓட்டை விழும் என்று சொல்லி, ஓட்டை ஓட்டையாக இருந்த ஒரு மூளைப் படத்தைக் கல்லூரியில் காட்டினார்கள். அது பொய் என்று இப்போது நண்பன் சொல்கிறான். எது உண்மை? ஓட்டை விழாது என்றால் ஆபத்தும் இல்லையா?

பதில்:

படம் பெரும்பாலும் உண்மையான ஸ்கேன் படமாகத்தான் இருந்திருக்கும். அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்தான் தவறு. எக்ஸ்டசியால், அதாவது எம்.டி.எம்.ஏ. என்ற வேதிப்பொருளால், எந்த மனித மூளையிலும் ஓட்டை விழுந்ததாக இதுவரை யாரும் காட்டியதில்லை. ஆனால் அந்த மாத்திரையால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள், ஒரே இரவில் இறந்திருக்கிறார்கள். அந்த மரணங்களுக்கான காரணம் உங்களுக்குக் காட்டிய படத்தில் எங்கும் இல்லை. நான் பல ஆண்டுகளாக அணுமருத்துவப் பிரிவில் மூளை ஸ்கேன்களைப் படித்து அறிக்கை எழுதி வருபவன் என்பதால், முதலில் அந்தப் படம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

மூளையில் உண்மையாகவே ஓட்டை விழுவது உண்டு. பெரிய பக்கவாதத்துக்குப் பிறகு இறந்துபோன திசு கரைந்து, அந்த இடத்தில் மூளைத் தண்டுவடத் திரவம் நிரம்பிக்கொள்ளும். எம்.ஆர்.ஐ. படத்தில் அது தெளிந்த விளிம்போடு, திரவத்துக்கே உரிய நிறத்தில் தெரியும். அப்படிப்பட்டவருக்குக் கை கால் விழுந்திருக்கும், பேச்சு குழறும், அல்லது பார்வையின் ஒரு பகுதி மறைந்திருக்கும். மூளை முழுக்கப் பத்துப் பதினைந்து ஓட்டைகளோடு ஒருவர் எழுந்து நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தன் பழைய வாழ்க்கையைப் பற்றிக் கோர்வையாகப் பேட்டி கொடுக்க முடியாது. அந்தப் படத்தைக் காட்டிய நிகழ்ச்சிகளில் இந்த முரண்பாடு கண்ணெதிரே இருந்தும் யாரும் அதைக் கேட்கவில்லை என்பது இன்றும் எனக்கு வியப்புதான்.

ஓட்டை ஓட்டையாகத் தெரியும் அந்த வகைப் படம் ஸ்பெக்ட் என்ற ஸ்கேன் முறையில் எடுக்கப்படுவது. அது மூளையின் வடிவத்தைப் படம் பிடிப்பதில்லை. மூளைக்குள் ரத்தம் எங்கே எவ்வளவு ஓடுகிறது என்பதைத்தான் அளக்கிறது. டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமம் சேர்த்த ஒரு மருந்தைக் கை நரம்பில் ஊசியாகப் போடுவோம். அது ரத்தத்தோடு மூளைக்குப் போய், ரத்தம் அதிகம் ஓடும் இடத்தில் அதிகமாகவும் குறைவாக ஓடும் இடத்தில் குறைவாகவும் தங்கிவிடும். பிறகு காமா கேமரா தலையைச் சுற்றிவந்து, எந்தத் திசையிலிருந்து எத்தனை கதிர்கள் வருகின்றன என்று எண்ணும். இந்த எண்ணிக்கையை வைத்துக் கணினி மூளையைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுக்கும். அதாவது ஸ்கேன் முடிந்தவுடன் நம் கையில் இருப்பது படமல்ல, எண்களின் குவியல். அதுவும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான நுணுக்கங்களைச் சரியாகப் பிரித்துக் காட்ட முடியாத, சற்றே மங்கலான குவியல்.

இந்த எண்களைப் படமாக்க இரண்டு வழிகள் உண்டு. நாங்கள் அன்றாடம் அறிக்கை எழுதுவதற்குப் பயன்படுத்துவது, மூளையை மெல்லிய துண்டுகளாக வெட்டி, எண்ணுக்கு ஏற்றபடி படிப்படியாக நிறம் மாறும் படங்கள். இன்னொன்று, மூளையை ஒரு முழு உருண்டையாக, சிலைபோல முப்பரிமாணத்தில் காட்டுவது. இரண்டாவதைச் செய்வதற்கு ஒரு வெட்டு எல்லையை நிர்ணயித்தாக வேண்டும். அந்த எல்லைக்கு மேலே எண் உள்ள கட்டங்களைக் கணினி திடமான சதையாக வரையும். கீழே உள்ளவற்றை வரையவே வரையாது. ஓட்டை பிறப்பது இந்த இடத்தில்தான்.

ஒரு கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். மூளையிலேயே அதிக எண் பெற்ற கட்டத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு எல்லை 55. நெற்றிப் பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு இடங்கள்; ஒன்றின் எண் 57, மற்றொன்றின் எண் 53. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது, துண்டுப் படத்தில் நிறம் லேசாக மங்கியதுபோலத்தான் தெரியும். முப்பரிமாணப் படத்திலோ 57 வழவழப்பான மூளைப் பரப்பாகவும், 53 கறுத்த பள்ளமாகவும் நிற்கும். இப்போது எல்லையை 50 ஆக இறக்குங்கள், பள்ளம் மறைந்துவிடும். 65 ஆக ஏற்றுங்கள், ஓட்டை இல்லாத இடமே இல்லாமல் போய்விடும். நோயாளி மாறவில்லை, ரத்த ஓட்டம் மாறவில்லை, திரையில் ஒரு குமிழை நகர்த்தியது மட்டுமே நடந்தது. புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் முதல் வாரத்தில் செய்துகாட்டுவது இதுதான். முற்றிலும் ஆரோக்கியமான ஒருவரின் ஸ்கேனை எடுத்து, அந்தக் குமிழை மெல்ல வலப்பக்கம் இழுத்தால் மூளை பூச்சி அரித்த மரம்போல ஆகிவிடும். முதல் முறை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர்கள் வாழ்நாளில் ஒரு முப்பரிமாணப் படத்தையும் எண்ணைக் கேட்காமல் நம்புவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லை பெரும்பாலும் அந்த மூளையின் உச்ச எண்ணில் இத்தனை சதவீதம் என்றே வைக்கப்படுகிறது. உச்சம் பெரும்பாலும் சிறுமூளையில் இருக்கும். ஒருவருக்குச் சிறுமூளையில் மட்டும் ரத்த ஓட்டம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும், மற்ற எல்லா இடமும் ஒப்பீட்டில் குறைந்துபோய் எல்லைக்குக் கீழே விழும். மேலும், மூளையின் ரத்த ஓட்டம் நிலையான ஒன்றல்ல. ஊசி போடும் நேரத்தில் கண்ணை மூடியிருந்தாரா, பதற்றமாக இருந்தாரா, முந்தைய இரவு தூங்கினாரா என்பதைப் பொறுத்தெல்லாம் மாறும். காபியில் உள்ள காஃபீன் 250 மில்லிகிராம் அளவு, அதாவது இரண்டு மூன்று கோப்பை, உள்ளே போனால் மூளையின் ரத்த ஓட்டம் ஏறக்குறைய கால்பங்கு தற்காலிகமாகக் குறைகிறது. ரத்த ஓட்டக் குறைவை ஓட்டை என்று அழைப்பதானால், காபி குடிப்பவர்கள் அனைவரும் ஓட்டை மூளைக்காரர்கள்தாம்.

இந்த வகைப் படம் பரவியதில் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எம்.டி.வி. ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எக்ஸ்டசிப் பழக்கத்திலிருந்து மீண்ட ஓர் இளம்பெண்ணின் ஸ்கேன் அதில் காட்டப்பட்டது. அவர் எக்ஸ்டசியோடு வேறு போதைப்பொருள்களையும் பயன்படுத்தியவர். பழக்கத்துக்கு முன்பு எடுத்த ஸ்கேன் அவரிடம் இல்லை. எனவே எது எதனால் வந்தது, உண்மையில் எதாவது வந்ததா என்பதை அந்த ஒரு படத்திலிருந்து சொல்ல வழியே இல்லை. அடுத்த ஆண்டு அந்தப் படம் மிகப் பிரபலமான பேட்டி நிகழ்ச்சி ஒன்றுக்கும் போனது. பிறகு வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தது.

தொலைக்காட்சியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது, ஏனென்றால் ஆய்வு உலகமும் தன் பங்குக்கு இதற்கு எண்ணெய் ஊற்றியது. 1998இல் தி லான்செட் மருத்துவ இதழில், எக்ஸ்டசியை அதிகம் பயன்படுத்திய 14 பேரையும் பயன்படுத்தாத 15 பேரையும் கதிரியக்க மருந்தையே பயன்படுத்தும் இன்னொரு முறையான பெட் ஸ்கேன் மூலம் ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான சீரோடோனினை, அந்தச் செல்கள் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளப் பயன்படுத்தும் புரதத்தை அந்த ஸ்கேன் எண்ணியது. பயன்படுத்தியவர்களிடம் அந்தப் புரதம் சராசரியாகக் குறைவாக இருந்தது. இதிலிருந்து எடுத்த இரண்டு படங்களை, ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று இருண்டும், அடுத்தடுத்து வைத்து அமெரிக்க அரசின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் அட்டைகளாக அச்சிட்டு விநியோகித்தது. இருண்ட பகுதி இறந்த பகுதி என்றுதான் சாதாரண மனிதர் எவரும் படிப்பார். அது சொன்னது ஒரு புரதத்தின் அளவை மட்டும்தான். அந்தப் புரதம் குறைவது நரம்பு நுனி அழிந்ததாலும் இருக்கலாம், செல் தன் வேலைக்கு ஏற்ப அதைக் குறைத்துக்கொண்டதாலும் இருக்கலாம். தவிர, ஆரோக்கியமானவர்களுக்குள்ளேயே அந்த எண்கள் மிகப் பரவலாகச் சிதறிக் கிடந்தன என்று மற்ற ஆய்வாளர்கள் பின்னர் சுட்டிக்காட்டினார்கள்.

இதைவிடப் பெரிய சறுக்கல் 2002இல் நடந்தது. அது எப்படி நடந்தது, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை. அந்த ஆண்டு செப்டம்பரில் சயின்ஸ் இதழில், ஜார்ஜ் ரிகார்ட்டே என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. அணில் குரங்குகளுக்கும் பபூன்களுக்கும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம், மூன்று மணி நேர இடைவெளியில் மூன்று முறை எம்.டி.எம்.ஏ. ஊசி போட்டதாகவும், ஒரே இரவில் ஒருவர் எடுத்துக்கொள்ளும் அளவுதான் அது என்றும், இதனால் டோபமின் என்ற இன்னொரு செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு நுனிகள் கடுமையாக அழிந்தன என்றும் அது கூறியது. டோபமின் நரம்புகள் அழிந்தால் வருவது பார்க்கின்சன் நோய். ஒரே இரவுக் கொண்டாட்டத்தில் பார்க்கின்சனுக்கு விதை போட்டுக்கொள்கிறார்கள் என்று செய்திகள் பறந்தன. இரவு நடனக் கொண்டாட்டங்கள் நடத்துபவர்களைத் தண்டிக்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

கட்டுரையைக் கவனமாகப் படித்தவர்களுக்கு ஒரு விவரம் அப்போதே இடறியது. ஊசி போட்ட ஐந்து அணில் குரங்குகளில் ஒன்று சில மணி நேரத்தில் இறந்துவிட்டது. இன்னொன்று நிலைகுலைந்ததால் மூன்றாவது ஊசியே போடவில்லை. இது சாதாரணமாக மனிதர்கள் எடுக்கும் அளவு என்றால், ஒவ்வொரு வார இறுதியிலும் ஐந்தில் ஒருவர் என்ற கணக்கில் பிணங்கள் விழுந்திருக்க வேண்டும். அப்படி எங்கும் நடக்கவில்லை. எம்.டி.எம்.ஏ. முக்கியமாகத் தொடுவது சீரோடோனினை. டோபமின் அழிவு இவ்வளவு கடுமையாக வந்ததும் முந்தைய ஆய்வுகளோடு பொருந்தவில்லை.

ஆய்வுக் குழு அடுத்த கட்டமாக வாய்வழியே மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது அந்தச் சேதம் வரவில்லை. மறுபடி ஊசியாகவே போட்டுப் பார்த்தார்கள், அப்போதும் வரவில்லை. சந்தேகம் வந்து பழைய ஆவணங்களைப் புரட்டியபோது, எம்.டி.எம்.ஏ. வந்த அதே நாளில் அதே இடத்திலிருந்து மெத்தாம்பெட்டமின் என்ற வேறொரு போதைப்பொருளின் குப்பி ஒன்றும் வந்திருந்தது தெரிந்தது. இறந்த விலங்குகளின் மூளை உறைநிலையில் பாதுகாக்கப்பட்டிருந்தது. அதைச் சோதித்தபோது உள்ளே மெத்தாம்பெட்டமின் இருந்தது, எம்.டி.எம்.ஏ. துளியும் இல்லை. இரண்டு குப்பிகளின் லேபிளும் இடம் மாறியிருக்கின்றன. ஆய்வில் இருந்த பத்து விலங்குகளில் ஒன்பதுக்குப் போனது வேறு மருந்து. 2003 செப்டம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆய்வாளர்களே தங்கள் தவறைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது, அந்த மசோதாவின் திருத்தப்பட்ட வடிவமும் ஏப்ரல் மாதமே சட்டமாகியிருந்தது. பார்க்கின்சன் கதையை இன்றும் சொல்பவர்கள் பலருக்கு அது ஒரு லேபிள் குழப்பத்தின் குழந்தை என்பது தெரியாது.

இதையெல்லாம் சொன்னதும், அப்படியானால் மூளைக்கு எதுவுமே ஆகாது என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. உங்கள் நண்பர் தவறுவது அங்கேதான் என்று நினைக்கிறேன். 2010இல் கனடாவில் நடந்த மிகக் கவனமான ஓர் ஆய்வு 49 பயன்பாட்டாளர்களையும் மற்ற 50 பேரையும் ஒப்பிட்டது. அவர்கள் உண்மையில் எதைச் சாப்பிட்டார்கள் என்பதைத் தலைமுடியைச் சோதித்து உறுதி செய்துகொண்டது. மூளையின் மேற்புறணியில் சீரோடோனினை உள்ளிழுக்கும் அந்தப் புரதம் குறைந்திருந்தது அதில் உறுதியாகவே தெரிந்தது. மூளையின் ஆழ்பகுதியில் அந்தக் குறைவு இல்லை. நிறுத்திப் பல மாதங்கள் ஆனவர்களிடம் இந்த அளவு இயல்பை நெருங்கியிருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளும் சோதனைகளில், அதிகம் பயன்படுத்தியவர்கள் சராசரியாகச் சற்றுக் குறைந்த மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கஞ்சா உள்ளிட்ட வேறு பொருள்களையும் பயன்படுத்துபவர்கள், தூக்கம் கெட்டவர்கள். 2011இல் வேறு எதையும் அதிகம் தொடாத எக்ஸ்டசிப் பயன்பாட்டாளர்களை மட்டும் தேடிப்பிடித்து ஆராய்ந்தபோது அந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோயிற்று. என் மதிப்பீடு இது: அடிக்கடி, அதிக அளவில் எடுப்பவர்களுக்குச் சீரோடோனின் அமைப்பில் அளவிடக்கூடிய மாற்றம் வருகிறது, நினைவாற்றலில் சிறு இழப்பும் வரக்கூடும். அதைக் கண்ணால் பார்க்கும் ஓட்டையாக யாராலும் காட்ட முடியாது.

ஓட்டைக் கதைக்கு அண்ணன் ஒன்று உண்டு. எக்ஸ்டசி முதுகுத்தண்டுத் திரவத்தை உறிஞ்சி வற்ற வைத்துவிடும் என்பது. 1980களில் சீரோடோனின் சிதைவுப் பொருளை அளப்பதற்காக ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் முதுகில் ஊசி குத்தி அந்தத் திரவத்தை எடுத்தார்கள். திரவம் எடுத்தது ஆய்வாளரின் ஊசி என்பது வாய்வழிப் பரவலில் மறைந்து, பழி மாத்திரையின் மேல் விழுந்தது என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தத் திரவம் உடலில் மொத்தம் சுமார் 150 மில்லிலிட்டர்தான் இருக்கும். ஒரு நாளில் சுரப்பதோ ஏறக்குறைய 500 மில்லிலிட்டர். வற்றுவதற்கு அது கிணற்று நீர் இல்லை. இதை இத்தோடு விடுகிறேன்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. எக்ஸ்டசியால் இறப்பவர்களைக் கொல்வது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்: வெப்பம், தண்ணீர்.

எம்.டி.எம்.ஏ. உடலின் வெப்பக் கட்டுப்பாட்டைக் குலைக்கிறது. தசைகள் இறுகி வெப்பம் உற்பத்தியாகிறது, தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்குகிறது, களைப்பு தெரியாததால் ஆடுபவர் நிறுத்துவதும் இல்லை. கூட்டமும் புழுக்கமும் நிறைந்த அறையில் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் தசைச் செல்கள் உடைந்து, அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும்; ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்து, உறைவதற்கான பொருள்கள் தீர்ந்து, பிறகு கண்ட இடத்தில் கசியும். இது கிருமித் தொற்றால் வரும் காய்ச்சல் இல்லை, ஆகவே பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருப்பதில் பயன் எதுவும் கிடையாது. உடலை வெளியிலிருந்து குளிர்விப்பது ஒன்றே வழி, அதையும் நிமிடக் கணக்கில் செய்தாக வேண்டும்.

தண்ணீர் விஷயம் இதைவிடச் சிக்கலானது. இங்கே எச்சரிக்கைப் பிரசாரமே ஆபத்தைக் கூட்டியிருக்கக்கூடும். 1990களின் தொடக்கத்தில் வெப்பத்தால் நேர்ந்த மரணங்களைப் பார்த்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்ற அறிவுரை பரவியது. 1995 நவம்பரில் இங்கிலாந்தில் ஒரு பெண் தன் 18ஆவது பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஒரு மாத்திரை சாப்பிட்டார். வீட்டில்தான் இருந்தார், நடன அரங்கில் இல்லை. உடல்நிலை சரியில்லை என்று உணர்ந்ததும் தண்ணீர் குடிக்கத் தொடங்கி, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஏழு லிட்டர் குடித்துவிட்டார். சுயநினைவை இழந்தவர் சில நாளில் இறந்தார். மாத்திரையில் ஏதோ கலப்படம் என்றுதான் முதலில் பேச்சு கிளம்பியது. ஒரே மாத்திரை உயிரைப் பறித்தது என்று அவருடைய முகத்தோடு நாடெங்கும் விளம்பரப் பலகைகள் நின்றன. மரண விசாரணையில் தெரியவந்ததோ, அளவுக்கு மீறிய தண்ணீரால் அவருடைய மூளை வீங்கியது என்பதுதான்.

மாத்திரைக்கு இதில் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. அதன் பங்கு எது என்பதைத்தான் அந்தப் பலகைகள் சொல்லாமல் விட்டன. சாதாரணமாக நாம் அதிகம் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். எம்.டி.எம்.ஏ., சிறுநீரைத் தடுக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. குடித்த தண்ணீர் உள்ளேயே தேங்கி ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. அது வேகமாகச் சரிந்து 120ஐ ஒட்டி வரும்போது தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவை ஊதத் தொடங்கும். மண்டையோட்டுக்குள் ஊதுவதற்கு இடம் ஏது? வலிப்பு வரும், பிறகு மூச்சு நிற்கும். இப்படிப் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் பெண்களே மிகுதி.

ஆக, நிறையக் குடி என்பதும் தவறு, குடிக்காதே என்பதும் தவறு. ஓடி ஆடி வியர்ப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர், சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பாதி, அதையும் சிறுகச் சிறுக என்பதே போதை மருத்துவத்தில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. குழப்பமாகப் பேசும் ஒருவரின் வாயில் நண்பர்கள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் நான் கேள்விப்படும் கதைகளில் அடிக்கடி வரும் காட்சி. அவர்கள் நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள். தலைவலியும் வாந்தியும் குழப்பமும் தண்ணீர் போதாததால் வந்தவை என்று நினைக்கிறார்கள். அதே அறிகுறிகள் தண்ணீர் அதிகமானதாலும் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் ஓட்டைக் கதையை நம்பாதவர்கள் அடுத்து நம்பும் கதை அதுதான்: ஒன்று தாங்கினால் இரண்டும் தாங்கும் என்பது. எம்.டி.எம்.ஏ. தன்னைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தானே முடக்கிவிடுகிறது. அதனால் அளவை இரட்டிப்பாக்கினால் ரத்தத்தில் அது இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. அதோடு மாத்திரைக்குள் இருப்பது எம்.டி.எம்.ஏ.தான் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பி.எம்.எம்.ஏ. என்ற பொருள் அதே வடிவில் விற்கப்பட்டுப் பலரைக் கொன்றிருக்கிறது. அது மெதுவாக ஏறும். ஒன்றும் ஆகவில்லையே என்று அடுத்ததைப் போடுபவருக்கு இரண்டும் சேர்ந்து ஏறி, உடல் வெப்பம் கட்டுமீறிப் போகும். சிலவகை மனச்சோர்வு மருந்துகளோடு, குறிப்பாக மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பான்களோடு சேர்ந்தால் ஒரு மாத்திரையே உயிரை எடுக்கக்கூடும்.

யாரேனும் இப்படி விழுந்துவிட்டால் தொட்டுப் பாருங்கள். உடல் கொதித்து, தசைகள் விறைத்து, தாடை இறுகியிருந்தால் வெப்பம் என்று கொள்ளலாம்: ஆம்புலன்சை அழைத்துவிட்டு, துணியைத் தளர்த்தி, ஈரத்துணியும் விசிறியும் பனிக்கட்டியும் கொண்டு உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். உடல் கொதிக்கவில்லை, ஆனால் தலைவலி, வாந்தி, தடுமாற்றம், வலிப்பு இருக்கிறது, அதற்கு முன்பு நிறையத் தண்ணீர் குடித்தார் என்றால், இன்னொரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது; ஒருக்களித்துப் படுக்கவைத்து உதவிக்குக் காத்திருக்க வேண்டும். மருத்துவமனையில் பயந்துகொண்டு மாத்திரையை மறைப்பவர்கள் உண்டு. அதைச் சொல்லுங்கள், கூடவே எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்பதையும் சொல்லுங்கள். வெப்பத்தால் விழுந்தவருக்கு ட்ரிப்ஸ் தாராளமாக ஏற்றுவார்கள். தண்ணீர் அதிகமானதால் விழுந்தவருக்கு அதே தாராளம் வீக்கத்தைக் கூட்டிவிடும் என்பதால், உப்புச் செறிவு மிகுந்த 3 சதவீத சலைனைக் கொஞ்சமாகக் கொடுத்து சோடியத்தை உயர்த்துவார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எது என்று மருத்துவருக்குத் தெரிவிக்க உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கும்.